மினிட்ஸின் மூன்றாம் பக்கம்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் தி.நகரில் ஒரு சின்ன தனியார் வங்கியின் தலைமை அலுவலகத்தில் வேலை பார்த்தேன். திட்டப் பிரிவு, இரண்டாம் மாடி. எனக்கு அப்போது முப்பத்திநாலு வயது. கிளைகளில் எட்டு வருஷம் கவுன்ட்டரில் நின்றுவிட்டு அங்கே வந்தவள். நாற்காலியும் மின்விசிறியும் கிடைத்ததையே பெரிய விஷயமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம்தான் எல்லா வங்கிகளிலும் ஆல்கோ என்று ஒரு கமிட்டி இருக்க வேண்டும் என்று மத்திய வங்கி உத்தரவு போட்டது. வங்கியிடம் உள்ள சொத்தையும் அது மற்றவர்களுக்குத் தரவேண்டியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற கமிட்டி. எங்கள் எம்.டி. அதற்குத் தலைவர். வங்கியின் கைப்பணத்தையும் பத்திரங்களையும் பார்க்கிற கருவூலப் பிரிவின் தலைவர், கடன் பிரிவின் ஜெனரல் மேனேஜர், எங்கள் பிரிவின் சீஃப் மேனேஜர் மூன்று பேரும் உறுப்பினர்கள். நான் உறுப்பினர் இல்லை. மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து மினிட்ஸ், அதாவது கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, எழுதுகிறவள். கூட்டத்துக்கு வேண்டிய அட்டவணையைத் தயாரிப்பதும் நான்தான்.

அந்த அட்டவணையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். முதல் கட்டம், இன்றிலிருந்து பதினாலு நாள். அடுத்தது இருபத்தெட்டு நாள் வரை. அப்புறம் மூன்று மாதம், ஆறு மாதம் என்று போகும். ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு பணம் வெளியே போகும், எவ்வளவு உள்ளே வரும் என்று எழுத வேண்டும். முதல் இரண்டு கட்டங்களில் போவது வருவதைவிட அதிகமாக இருந்தால், அந்த வித்தியாசம் வெளியே போகும் தொகையில் இருபது சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதுதான் வரம்பு. தாண்டினால் கை கடிக்கிறது என்று அர்த்தம்.

வைப்புத் தொகைகளை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதற்கும் விதி உண்டு. சாதாரண ஜனங்கள் போட்ட டெபாசிட்டில் பெரும்பகுதி முதிர்ந்த அன்றைக்கே திரும்பப் புதுப்பிக்கப்படும். அதனால் பழைய அனுபவத்தை வைத்து அவற்றைத் தள்ளிப் பின்னால் உள்ள கட்டங்களில் போடலாம். ஆனால் நிறுவனங்கள் மொத்தமாகப் போடும் பெரிய டெபாசிட்டை அப்படித் தள்ளக் கூடாது. அது என்றைக்கு முதிர்கிறதோ அந்தக் கட்டத்தில்தான் போட வேண்டும். இந்த விதியை நான் சுற்றறிக்கையில் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்.

அந்த மாதக் கூட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. முந்தின வெள்ளிக்கிழமை நிலவரத்தை வைத்து அட்டவணை போட்டிருந்தேன். முதல் பதினாலு நாள் கட்டத்தில் பற்றாக்குறை பதினாறு சதவீதம். வரம்புக்குள்தான். எம்.டி. அந்த எண்ணின் மேல் பென்சிலை வைத்து, "பரவாயில்லையே" என்றார். அவர் சாதாரணமாக அவ்வளவுகூடப் பேசுகிறவர் இல்லை.

பிறகு வட்டி விகிதம் எந்தப் பக்கம் போகும் என்று பேசினார்கள். கருவூலத் தலைவர், அடுத்த சில மாதங்களில் வட்டி இறங்கும் என்று அபிப்பிராயப்பட்டார். இறங்கினால் இப்போது கையில் இருக்கும் நீண்ட கால அரசுப் பத்திரங்களின் விலை ஏறும். அதனால் பத்து வருஷப் பத்திரம் ஒரு குறிப்பிட்ட தொகைவரை வாங்க அனுமதி கேட்டார். பதினாலு நாளுக்கு ஆபத்தில்லை என்று என் அட்டவணை சொன்னதால் கமிட்டி அனுமதி கொடுத்தது. மற்ற வங்கிகளிடம் ஒரு நாளைக்கென்று வாங்கும், ஆங்கிலத்தில் 'கால் மணி' என்கிற கடனுக்கும் ஓர் உச்ச வரம்பு வைத்தார்கள்.

எல்லாவற்றையும் நான் எழுதினேன். முதல் பக்கத்தில் யார் யார் வந்தார்கள், போன கூட்டத்தின் மினிட்ஸ் உறுதி செய்யப்பட்டது என்ற விவரம். இரண்டாம் பக்கத்தில் வட்டி பற்றிய கருத்து. மூன்றாம் பக்கத்தில் ரொக்க நிலைமையும் வரம்புகளும். நாலாம் பக்கத்தில் நன்றி, கையெழுத்து. புதன்கிழமை எம்.டி. நாலாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். மற்ற பக்கங்களில் இனிஷியல் போட மறந்துவிட்டார். நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி சுமாருக்கு, அடுத்த மாத அட்டவணைக்காக அடையாறு கிளைக்குப் போன் செய்தேன். அங்கே டெபாசிட் பார்க்கிற அம்மா எனக்குப் பழக்கம். கேட்ட விவரத்தைச் சொல்லிவிட்டு, போனை வைப்பதற்கு முன்னால், "அந்தப் பெரிய டெபாசிட்டுக்குப் பணம் ரெடி பண்ணியாச்சா மேடம்? வர்ற வியாழக்கிழமை மெச்சூர் ஆறது. காசோலையா வேணும்னு நேத்திக்குக்கூட அவங்க ஆள் வந்து கேட்டுட்டுப் போனார்" என்றாள்.

"புதுப்பிக்கலையா?" என்று கேட்டேன்.

"இல்லையே. புதுப்பிக்க மாட்டோம்னு போன மாசமே லெட்டர் குடுத்துட்டாங்க. உங்களுக்கு அனுப்பின ஸ்டேட்மென்ட்ல ரிமார்க் பத்தியில எழுதியிருக்கேனே."

போனை வைத்துவிட்டு அடையாறு கிளையின் தாளை எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பத்தியில், சின்ன எழுத்தில், நீல மையில் எழுதியிருந்தது. பெரிய நிறுவன டெபாசிட், புதுப்பிக்கப்பட மாட்டாது. நான் அந்தப் பத்தியைப் பார்க்கவே இல்லை. முப்பது நாற்பது கிளைகளின் தாள்களிலிருந்து கூட்டுத் தொகையை மட்டும் எடுத்துக் கம்ப்யூட்டரில் அடித்திருக்கிறேன். அந்த ஒரு பெரிய தொகை சாதாரண ஜனங்களின் டெபாசிட்டோடு சேர்ந்து மூன்று மாதக் கட்டத்துக்குப் போய்விட்டது.

கால்குலேட்டரை எடுத்து மறுபடி போட்டேன். இருபத்தொன்பது சதவீதம் வந்தது. தப்பாக அழுத்தியிருப்பேன் என்று இன்னொரு தடவை போட்டேன். அதே இருபத்தொன்பது.

காது அடைத்தது. பக்கத்து மேஜையில் இருந்தவர் ஏதோ கேட்டார், வாய் அசைவது மட்டும் தெரிந்தது. என் தாளை நம்பித்தான் கருவூலம் பத்திரம் வாங்கிக்கொண்டிருந்தது. அதில் பாதி வாங்கியாகிவிட்டது என்பதும் எனக்குத் தெரியும். கையில் இருந்த பணம் பத்து வருஷப் பத்திரமாக மாறிவிட்டது. வியாழக்கிழமை அடையாறில் ஓர் ஆள் வந்து காசோலை கேட்பான்.

சீஃப் மேனேஜரின் அறைக்குப் போனேன். பூட்டியிருந்தது. மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார் என்று அலுவலக உதவியாளர் சொன்னார். உதவியாளர் ஐம்பது வயதைத் தாண்டியவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், ஒடம்பு சரியில்லையா? மொகம் ஒரு மாதிரியா கீது" என்றார். தலைவலி என்றேன்.

மூன்றாம் மாடியில் கருவூலத் தலைவர் இருந்தார். நாலாம் மாடியில் எம்.டி. இருந்தார். படி ஏறினால் ஒரு நிமிஷம். நான் ஏறவில்லை. தாளை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பனகல் பார்க் பக்கத்தில் பஸ் ஏறி மயிலாப்பூருக்கு வந்துவிட்டேன்.

நாங்கள் குளத்துக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் மாடியில் குடியிருந்தோம். கீழ் வீட்டில் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற மாமி தனியாக இருந்தார். அந்த நாட்களில் ஊரில் ஒவ்வொரு ஃபைனான்ஸ் கம்பெனியாக ஷட்டரை இழுத்து மூடிக்கொண்டிருந்தது. காலையில் பேப்பரைத் திறந்தால், பூட்டின கதவுக்கு வெளியே ஜனங்கள் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற படம் இருக்கும். மாமியும் அப்படி ஓரிடத்தில் கொஞ்சம் இழந்திருந்தார். மிச்சத்தை எல்லாம் எங்கள் வங்கியில் போட்டிருந்தார். நான் அங்கே வேலை பார்க்கிறேன் என்பது தவிர அவருக்கு வேறு காரணம் கிடையாது.

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். தலைவலி என்று லீவு சொல்லிவிட்டேன். மத்தியானம் துணி எடுக்க இறங்கியபோது மாமி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஏண்டிம்மா, இன்னிக்கு ஆபீஸ் போகலையா?"

"இல்லை மாமி. தலைவலி."

"பேப்பர்ல பார்த்தியோ? இன்னொண்ணும் மூடிட்டான். உங்க பேங்க் ஸ்திரமா இருக்கோல்லியோ?"

"பத்திரமா இருக்கு மாமி. கவலைப்படாதேங்கோ" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. மாமி தலையை ஆட்டிவிட்டுக் கீரையைப் பார்த்தார்.

மேலே வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். வங்கி மூழ்கிவிடாது என்று எனக்கே தெரியும். எங்களிடம் சொத்து இருந்தது. ஆனால் சொத்து இருப்பது வேறு, வியாழக்கிழமை காலையில் கையில் பணம் இருப்பது வேறு. ஒரே ஒரு காசோலை ஒரு மணி நேரம் தாமதமானால் போதும், மாமியைப் போல எத்தனை பேர் வந்து வரிசையில் நிற்பார்கள்? மாமியிடம் எடுத்துவிடுங்கள் என்று சொல்லவும் முடியாது. அப்படி ஒரு வார்த்தை சொன்னால் அது குளத்தைச் சுற்றி வருவதற்கு ஒரு பொழுது போதும்.

ஞாயிற்றுக்கிழமை என் கணவரிடம் சொன்னேன். நந்தனத்தில் கல்லூரியில் கணக்கு வாத்தியார் அவர். தாளைப் பார்த்தார், நான் போட்ட கணக்கைப் பார்த்தார், "இருபத்தொன்பதுதான்" என்றார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"வேலை போயிடுமா?" என்று கேட்டார்.

"தெரியலை."

ஆதம்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தோம். ஊழியர்களுக்கான வீட்டுக் கடன், குறைந்த வட்டி. வேலை போனால் அதுவும் போகும். அவர் அதைச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ரிமார்க் பத்தி மங்கலா இருந்தது, கண்ணுக்குத் தெரியலைன்னு சொல்லிண்டு வெளியில வர முடியாதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நன்னாவே தெரியறது. நான்தான் பார்க்கலை."

அவரும் பயந்துபோயிருந்தார் என்பது, அன்றைக்கு இரண்டு தடவை பால் வாங்கி வந்ததில் தெரிந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு சீஃப் மேனேஜர் வந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். அவர் என்மேல் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேல் உதட்டில் வேர்வை அரும்பியது. அவருக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. அட்டவணையில் என் கையெழுத்துக்கு மேலே அவர் கையெழுத்து இருந்தது.

"வேற யாருக்குத் தெரியும்?"

"ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது சார்."

"மினிட்ஸ் போர்டுக்குப் போயாச்சா?"

"இன்னும் போகலை. ஃபைல்லதான் இருக்கு."

ஃபைலை எடுத்துவரச் சொன்னார். பக்கங்களைத் திருப்பினார். மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தார். "இதுல எம்.டி. இனிஷியல் இல்லையேம்மா" என்றார். ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அவரே சொன்னார். "ஒரே ஒரு வரி சேர்க்கலாம். அடையாறு கிளையோட பெரிய டெபாசிட் ஒண்ணு இந்தக் காலத்துக்குள்ள முதிரப்போகுதுன்னு திட்டப் பிரிவு சொன்னது, அதுக்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்யச் சொல்லிக் கமிட்டி கருவூலத்துக்கு உத்தரவு போட்டதுன்னு. கூட்டத்துல நூறு விஷயம் பேசறோம். யாருக்கு எது ஞாபகம் இருக்கும்? நீங்க டைப் பண்ணுங்க. வச்சிடறது என் பொறுப்பு."

அந்த வரியை வைத்துவிட்டால் தப்பு எங்களுடையது இல்லை. சொல்லியும் பணத்தைத் தயார் செய்யாதவர் கருவூலத் தலைவர் என்று ஆகிவிடும். அவர் என்னிடம் எப்போதும் மரியாதையாகப் பேசுகிறவர். கிளையிலிருந்து வந்த புதிதில் பத்திரம் என்றால் என்ன, விலை ஏறினால் வட்டி ஏன் இறங்குகிறது என்று நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் காகிதத்தில் படம் போட்டுக் காட்டியவர்.

இதெல்லாம் தெரிந்தும் நான் போய் டைப் பண்ணினேன். அதை இப்போது மறைக்க விருப்பமில்லை. உட்கார்ந்து, அந்த ஃபைலைத் திறந்து, அவர் சொன்ன வரியைச் சேர்த்து, பக்கம் அதே இடத்தில் முடியும்படி இடைவெளியைச் சரிசெய்து, அதே காகிதத்தில் அச்செடுத்தேன். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் இன்றைக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் நல்லபடியாக நினைத்துக்கொள்வேன். மூன்றாம் பக்கத்தின் பழைய தாளும் புதிய தாளும் மேஜைமேல் இருந்தன. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்போது இன்டர்காம் அடித்தது. கருவூலத் தலைவர்.

"மேடம், ஒரு சின்ன விஷயம். மிச்சப் பத்திரத்துக்கு பம்பாயிலேருந்து ஒரு விலை வந்திருக்கு. பன்னெண்டு மணிக்குள்ள சொல்லணும். கால் ரேட் வேற கொஞ்சம் ஏறிண்டிருக்கு, அதனாலதான் யோசனையா இருக்கேன். மினிட்ஸ்ல பதினாலு நாளுக்குப் பிரச்சினை இல்லைன்னுதானே இருக்கு? நம்பி வாங்கிடலாமா?"

மேஜைமேல் இருந்த இரண்டு தாள்களையும் பார்த்தேன்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"வாங்காதீங்க சார்" என்றேன்.

"என்னது?"

"வாங்காதீங்க. என் கணக்கு தப்பு. நான் மேல வரேன்."

மினிட்ஸ் ஃபைலையும், அந்த இரண்டு பக்கங்களையும், அடையாறு தாளையும் எடுத்துக்கொண்டு படி ஏறினேன். சீஃப் மேனேஜரின் கண்ணாடி அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் என்னைப் பார்த்தார். எழுந்து நின்றார், ஆனால் வெளியே வரவில்லை.

கருவூலத் தலைவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு பம்பாய்க்குப் போன் போட்டு, வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொன்னார். "வாங்க" என்று என்னை அழைத்துக்கொண்டு எம்.டி. அறைக்குப் போனார்.

எம்.டி. அடையாறு தாளைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் படித்தார்.

"உங்களுக்கு இது எப்போ தெரிஞ்சது?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் சார்."

"இன்னிக்குத் திங்கட்கிழமை" என்றார்.

இத்தனை வருஷத்தில் யாரும் என்னை அவ்வளவு கடுமையாகத் திட்டியதில்லை. அவர் குரல் உயரவே இல்லை.

"மினிட்ஸ் எங்க?"

கொடுத்தேன். மூன்றாம் பக்கத்தின் பழைய தாள், புதிய தாள் இரண்டையும் மேஜைமேல் வைத்தேன். அவர் ஒன்றைப் படித்தார், இன்னொன்றைப் படித்தார். அந்த வரியில் பார்வை நின்றது. கருவூலத் தலைவரும் எட்டிப் படித்தார். அவர் முகம் வெளுப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

"இதை யார் டைப் பண்ணினது?"

"நான்தான் சார்."

"யார் பண்ணச் சொன்னாங்க?"

நான் பேசாமல் நின்றேன். இந்த வயதிலும் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை, அது விசுவாசமா, இன்னும் மிச்சமிருந்த பயமா என்று. எம்.டி. புதிய பக்கத்தை எடுத்து நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பழைய பக்கத்தில் இனிஷியல் போட்டார். ஒன்றாம், இரண்டாம் பக்கங்களிலும் போட்டார்.

"ரெண்டு மணிக்கு ஸ்பெஷல் மீட்டிங். எல்லாரையும் வரச் சொல்லுங்க. நீங்களும் வந்து எழுதுங்க."

இரண்டு மணிக்கு நாலு பேரும் உட்கார்ந்தார்கள். சீஃப் மேனேஜர் என்னைப் பார்க்கவே இல்லை. மூன்று நாளில் பணத்தை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் பேச்சு. கடன் பிரிவின் ஜெனரல் மேனேஜர், அந்த நிறுவனத்திடமே போய்ப் பாதியை இன்னும் ஒரு மாதம் வைக்கச் சொல்லிக் கேட்கலாமே என்றார்.

"கேக்கப் போனா அவ்வளவுதான் சார்" என்றார் கருவூலத் தலைவர். "இவங்ககிட்ட பணம் இல்லைன்னு சாயங்காலத்துக்குள்ள மௌண்ட் ரோடு பூரா தெரிஞ்சிடும். முழுசா, நேரத்துக்கு, சிரிச்ச முகமா குடுக்கணும்."

அவர் வழியைச் சொன்னார். கையில் இருக்கும் கருவூல உண்டியல்களை, அதாவது அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்களை, விற்பது. போன வாரம் வாங்கிய பத்து வருஷப் பத்திரத்தில் சட்டப்படி வைத்திருக்க வேண்டிய அளவுக்கு மேலே இருப்பதை, நஷ்டம் வந்தாலும் விற்பது. மீதிக்கு இரண்டு பெரிய வங்கிகளிடம் ஒரு மாதத் தவணையில் கடன் வாங்குவது. கால் மணியைக் கடைசிவரை தொடாமல் இருப்பது. ஏனென்றால் வியாழக்கிழமை கொடுக்கும் காசோலை வெள்ளிக்கிழமை கிளியரிங்கில் வரும். அது இரு வாரக் கணக்கு முடிகிற வெள்ளி. எல்லா வங்கிகளும் மத்திய வங்கியில் வைக்க வேண்டிய இருப்பைச் சரிக்கட்ட ஓடும் நாள். அன்றைக்குக் கால் மணி எந்த விலைக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கால் மணி வரம்பை உயர்த்தலாமா என்று ஜெனரல் மேனேஜர் கேட்டார். எம்.டி. வேண்டாம் என்றார். "வரம்பு வச்சதே இந்த மாதிரி நாளுக்குத்தான்."

வட்டி இறங்கும் என்ற கருத்தையும் திருத்தினார்கள். குறுகிய காலத்தில் ஏறக்கூடும், அடுத்த கூட்டம் வரை புதிதாகப் பத்திரம் வாங்குவதில்லை என்று முடிவாயிற்று. நான் எழுதிக்கொண்டே வந்தேன். முதல் விஷயத்தை மட்டும் காலியாக விட்டிருந்தேன். கடைசியில் எம்.டி. என் பக்கம் திரும்பி, தானே வாசகம் சொன்னார். அடையாறு கிளையின் மொத்த டெபாசிட் ஒன்று திட்டப் பிரிவால் தவறான கட்டத்தில் சேர்க்கப்பட்டது. சரியான பற்றாக்குறை இருபத்தொன்பது சதவீதம். வரம்பு மீறப்பட்டது. இது போன கூட்டத்தின் முடிவுகளைப் பாதித்தது.

"என் பேரை எழுதவா சார்?" என்று கேட்டேன்.

"பிரிவோட பேரு போதும். நடந்ததை நடந்தபடி எழுதுங்க."

எழுதினேன். "மீறப்பட்டது" என்ற இடத்தில் பேனா கோணியது. அன்றைக்கே தட்டச்சு செய்து ஒவ்வொரு பக்கத்திலும் இனிஷியல் வாங்கினேன்.

செவ்வாயும் புதனும் நான் மூன்றாம் மாடியில்தான் இருந்தேன். போனில் பேசியது அவர்கள். எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தது நான். உண்டியல்கள் போயின. பத்திரம் வாங்கின விலைக்குக் கீழே போயிற்று. நஷ்டத் தொகையைக் கருவூலத் தலைவர் ஒரு சீட்டில் எழுதி என்னிடம் காட்டினார். எத்தனை வருஷச் சம்பளம் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. ஒரு பெரிய வங்கி தருகிறேன் என்றது. இன்னொன்று புதன்கிழமை மத்தியானம் கையை விரித்துவிட்டது. காரணம் சொல்லவில்லை. எங்களைப் பற்றி ஏதாவது தெரிந்துவிட்டதா என்ற நினைப்பு அந்த அறையில் எல்லாருக்கும் வந்தது. கருவூலத் தலைவர் டீயைக் குடிக்காமலே ஆறவிட்டார். பிறகு வேறு ஒரு வங்கிக்குப் போன் போட்டு, மகன் படிப்பைப் பற்றியெல்லாம் சிரித்துப் பேசிவிட்டு, போகிற போக்கில் கேட்கிற மாதிரி கேட்டு வாங்கினார். போனை வைத்ததும் அவர் கழுத்துப் பட்டை முழுக்க நனைந்திருந்தது.

வியாழக்கிழமை பத்தே முக்காலுக்கு அடையாறிலிருந்து போன். "காசோலை குடுத்தாச்சு மேடம். அவங்க ஆள் காபி குடிச்சுட்டுப் போறார். வேற டெபாசிட்டுக்கு என்ன வட்டின்னு கேட்டார்." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

வெள்ளிக்கிழமை அந்தக் காசோலை கிளியரிங்கில் வந்தது. கால் மணி அன்றைக்கு நாங்கள் பயந்ததைவிட அதிகமாக ஏறியது. எங்கள் வரம்புக்குள்ளேயே கொஞ்சம் வாங்க வேண்டியிருந்தது. சாயங்காலம் மத்திய வங்கிக் கணக்கில் இருக்க வேண்டிய இருப்பு இருந்தது. அதற்கு மேல் ரொம்பக் கொஞ்சம். கருவூலத் தலைவர் ஜன்னலோரம் போய், கீழே உஸ்மான் ரோட்டில் ஜனங்கள் துணிப் பைகளோடு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், அந்த வரியை நான் டைப் பண்ணினேன்" என்றேன். அவரிடம் தனியாக அதுவரை சொல்லவில்லை.

"பார்த்தேனே" என்றார். கொஞ்சம் கழித்து, "நான் அன்னிக்குப் போன் பண்ணலைன்னா வச்சிருப்பீங்களா?" என்று கேட்டார்.

"தெரியலை சார்."

அவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகும் என்னிடம் மரியாதையாகவே பேசினார். ஆனால் எந்த எண்ணைக் கொடுத்தாலும் கிளைக்குத் தானே ஒரு போன் போட்டுச் சரிபார்த்துக்கொள்வார். நான் பார்க்கும்படியே செய்வார். அது நியாயம்தான்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். ஒரு வருஷச் சம்பள உயர்வு நின்றது. சீஃப் மேனேஜருக்கு என்ன கிடைத்தது என்று தெரியாது. எம்.டி. அவரைத் தனியாகக் கூப்பிட்டு அரை மணி நேரம் வைத்திருந்தார். அந்த மடித்த காகிதம் அப்போது வெளியே வந்ததா என்பதும் தெரியாது. அடுத்த எட்டு மாதமும் அவர் என்னிடம் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினார். அவர் பெண்ணுக்கு நிச்சயமானபோது எல்லாருக்கும் கொடுத்த இனிப்பில் எனக்கும் ஒன்று வந்தது, உதவியாளர் கையால்.

மறு வருஷம் மத்திய வங்கியிலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். இளம் வயது அதிகாரி ஒருவர் மினிட்ஸ் ஃபைலை இரண்டு நாள் வைத்துப் படித்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார். செவ்வாய்க்கிழமை கூட்டமும் திங்கட்கிழமை கூட்டமும் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தன.

"ஆறு நாள்ல பதினாறு எப்படி இருபத்தொன்பது ஆச்சு?"

"ஆகலை சார். முதல்லயே இருபத்தொன்பதுதான். நான் தப்பாப் போட்டேன். இதுலயே எழுதியிருக்கு."

அவர் மறுபடி படித்தார். தன் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். "சரி, போங்க" என்றார். அன்றைக்கு முழுக்க அவர் என்ன குறித்தார் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். அறிக்கை வந்தபோது, கிளைகளின் தாள்களை இன்னொருவரும் சரிபார்க்க ஏற்பாடு வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அவ்வளவுதான்.

அந்த ஏற்பாட்டின்படி எனக்கு உதவி அதிகாரியாக ஓர் இளம்பெண்ணைக் கொடுத்தார்கள். நான் இன்னும் ஐந்து வருஷம் அந்த மேஜையில் இருந்தேன். மாதா மாதம் கூட்டத்துக்கு முந்தின நாள் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க ஒருவர் பார்ப்போம். சரியாக இருக்கிறது என்று அவள் சொன்ன பிறகும், எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.